கல்வி உதவிநிதிக் கடிதம்: வருமானமும் தேர்ச்சியும் ஒரே ஆண்டில் சரிந்திருந்தால் எப்படி எழுதுவது

சில ஆண்டுகளாகச் சனிக்கிழமை மாலைகளில் சிங்கப்பூரில் ஒரு சமூக மன்றத்தில் உட்கார்ந்து, கல்வி உதவிநிதிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளின் கடிதங்களைப் படித்துத் திருத்தித் தருகிறேன். பெரும்பாலும் பலதுறைத் தொழிற்கல்லூரி, தொழில்நுட்பக் கல்விக் கழக மாணவர்கள்தான் வருவார்கள். அவர்களில் மிகவும் தடுமாறுகிறவர்கள் ஒரே மாதிரி நிலையில் இருப்பவர்கள். வீட்டில் இந்த ஆண்டு ஏதோ நடந்திருக்கும், வருமானம் விழுந்திருக்கும், அதே நேரத்தில் தேர்ச்சியும் இறங்கியிருக்கும். படிவத்தைப் பார்த்தால் வருமானம் பரவாயில்லை, ஜிபிஏ சுமார் என்றுதான் தெரியும். உண்மை அதற்கு நேர்மாறாக இருக்கும். அந்த இடைவெளியைக் கடிதம்தான் நிரப்ப வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று ஒரு மாணவியின் கடிதத்தை வைத்தே சொல்கிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கடிதத்தை ஆங்கிலத்தில்தான் அனுப்பப் போகிறீர்கள். ஆனால் முதல் வேலையை வீட்டில் தமிழிலேயே செய்யுங்கள். கணக்கு அப்பா அம்மாவிடம் இருக்கிறது, அவர்கள் அதைத் தமிழில்தான் சொல்வார்கள்.

முதலில் அப்பாவின் சம்பளத்தை மொத்தத்தில் கேளுங்கள்

இந்த மாணவி பலதுறைத் தொழிற்கல்லூரியில் மின்னியல் பொறியியல் பட்டயப் படிப்பு, இரண்டாம் ஆண்டு. மூவறை வீவக வீட்டில் ஐந்து பேர்: அப்பா, அம்மா, இவர், உயர்நிலை இரண்டில் படிக்கும் தம்பி, அப்பாவைப் பெற்ற பாட்டி. அப்பாவுக்கு 48 வயது, லாரி ஓட்டுநர். ஏப்ரல் கடைசியில் முதுகுத்தண்டில் அறுவைச் சிகிச்சை நடந்தது. வேலை ஒப்பந்தம் அத்தோடு முடிந்தது. மூன்று மாதம் சம்பளமே இல்லை. ஆகஸ்டிலிருந்து ஒரு கிடங்கில் குறைந்த நேர வேலை.

முதல் வரைவில் அவர், “அப்பாவின் சம்பளம் 1,120 வெள்ளி” என்று எழுதியிருந்தார். அப்பா அப்படித்தான் சொல்லியிருக்கிறார், அது பொய்யும் இல்லை. ஆனால் அது கைக்கு வரும் தொகை. உதவிநிதிப் படிவங்கள் பொதுவாகக் கேட்பது மத்திய சேம நிதி, அதாவது மசேநி, கழிப்பதற்கு முன் உள்ள மொத்தச் சம்பளத்தை. 55 வயதுக்குட்பட்ட ஊழியரின் சம்பளத்திலிருந்து 20 விழுக்காடு மசேநிக்குப் போகிறது. அப்பாவின் மொத்தச் சம்பளம் 1,400 வெள்ளி, அதில் 280 போக மீதிதான் 1,120.

இது சின்ன விஷயமாகத் தெரியும். பிள்ளைகள் அதிகம் அடிபடுகிற இடமே இதுதான். மசேநி பங்களிப்புப் பதிவும் சம்பளச் சீட்டும் கடிதத்தோடு போகின்றன. சில இடங்களில் சிங்பாஸ் வழியாகவே விவரங்கள் எடுக்கப்படுகின்றன. ஆவணத்தில் 1,400, கடிதத்தில் 1,120 என்று இருந்தால், படிப்பவர் இதைக் குழப்பம் என்று நினைப்பாரா, குறைத்துக் காட்டுகிறார்கள் என்று நினைப்பாரா என்பது உங்கள் கையில் இல்லை. அதனால் இரண்டையும் பெயரோடு எழுதுங்கள்: மொத்தம் இவ்வளவு, மசேநி போகக் கைக்கு வருவது இவ்வளவு.

அப்பா டாக்சியோ தனியார் வாடகை காரோ ஓட்டுபவர் என்றால் கணக்கு வேறு. வருமான வரி மதிப்பீட்டு அறிவிப்பு போன ஆண்டைத்தான் காட்டும். செயலியிலிருந்து மாதவாரி வருமான அறிக்கையை எடுத்து, வண்டி வாடகையையும் எரிபொருளையும் தனித்தனியாகக் கழித்துக் காட்டுங்கள். கழித்த தொகையை மட்டும் எழுதினால் அது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் புரியாது.

படிவம் காட்டும் எண்ணையும் இன்றைய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்

பல திட்டங்கள் பார்ப்பது குடும்ப உறுப்பினர் ஒருவருக்கான வருமானம். மொத்தக் குடும்ப வருமானத்தை வீட்டில் உள்ளவர்களின் எண்ணிக்கையால் வகுப்பது, அவ்வளவுதான். ஆனால் எந்தக் காலத்து வருமானம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இவர் விண்ணப்பித்தது அக்டோபரில். படிவம் கேட்டது கடந்த 12 மாதச் சராசரி.

அப்பா அக்டோபர் முதல் ஏப்ரல் வரை ஏழு மாதம் 3,000 வெள்ளி வாங்கினார், அது 21,000. மே, ஜூன், ஜூலை ஒன்றுமில்லை. ஆகஸ்டும் செப்டம்பரும் 1,400 வீதம் 2,800. ஆக 23,800. அம்மா ஒரு பள்ளிச் சிற்றுண்டிக் கடையில் உதவியாளர், மொத்தச் சம்பளம் மாதம் 900, ஆண்டுக்கு 10,800. இரண்டையும் கூட்டினால் 34,600. மாதத்துக்கு 2,883, ஐந்து பேருக்கு வகுத்தால் தலைக்கு 577 வெள்ளி. படிவத்தில் ஏறியது இந்த எண்.

இன்றைய நிலையோ 1,400-உம் 900-உம் சேர்ந்து 2,300. தலைக்கு 460. விபரீதம் என்று சொல்லத் தேவையில்லை, இந்த இரண்டு எண்ணையும் சேர்த்து வைத்தாலே போதும். அவர் கடிதத்தின் இரண்டாம் பத்தி இப்படி ஆனது:

“கடந்த 12 மாதச் சராசரிப்படி எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கான மாத வருமானம் 577 வெள்ளி. அந்தச் சராசரியில் ஏப்ரல் வரை என் தந்தை லாரி ஓட்டுநராகப் பெற்ற 3,000 வெள்ளிச் சம்பளம் அடங்கும். முதுகு அறுவைச் சிகிச்சைக்குப் பின் அவருக்கு மே முதல் ஜூலை வரை வருமானம் இல்லை. ஆகஸ்டிலிருந்து கிடங்கில் குறைந்த நேரம் வேலை செய்து 1,400 வெள்ளி பெறுகிறார். இன்றைய நிலையில் ஒருவருக்கான வருமானம் 460 வெள்ளி. பங்களிப்புப் பதிவையும் மருத்துவச் சான்றிதழையும் இணைத்துள்ளேன்.”

முதல் வரைவில் இதே இடத்தில், “நான் மிகவும் ஏழ்மையான குடும்பத்தைச் சேர்ந்தவள், என் தந்தை கடுமையாகப் பாடுபடுகிறார்” என்று இருந்தது. அதை எழுதும்போது அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கியிருக்கலாம். படிக்கிறவர் கையில் ஒன்றும் கிடைக்காது, ஏனென்றால் அவர் முன்னால் இருக்கும் எல்லாக் கடிதத்திலும் அந்த வரி இருக்கும். ஏப்ரல், 3,000, மூன்று மாதம், 1,400 என்பது இந்த வீட்டில் மட்டும் நடந்தது.

உறுப்பினர் எண்ணிக்கையில் ஒரு எச்சரிக்கை. யாரைக் கணக்கில் சேர்க்கலாம் என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும். பொதுவாக அடையாள அட்டையில் அதே முகவரி இருக்க வேண்டும். தேசிய சேவையில் இருக்கும் அண்ணனின் படித்தொகையைச் சேர்ப்பதா, கல்யாணமாகிப் போன அக்காவை எண்ணுவதா என்பதைப் படிவத்தின் குறிப்பில் பார்த்துவிட்டு எழுதுங்கள். ஊரில் இருக்கும் பாட்டிக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறீர்கள் என்றால், அவரை வீட்டு ஆளாகக் கணக்கில் நுழைக்காதீர்கள். கடிதத்தில் ஒரு வரியாகச் சொல்லி, பணம் அனுப்பிய ரசீதுகளை வையுங்கள்.

வீட்டுத் தவணை, மசேநி, கட்டணம்: இந்த முடிச்சை அவிழ்த்துக் காட்டுங்கள்

சிங்கப்பூர்க் குடும்பங்களில் பணக் கஷ்டம் பெரும்பாலும் வெளியே தெரியாமல் மசேநிக்குள் நடக்கிறது. இதைப் பிள்ளைகள் எழுதுவதே இல்லை, பெற்றோர் சொல்லாததால் அவர்களுக்குத் தெரியாது.

இவர் வீட்டில் வீவக கடன் தவணை மாதம் 520 வெள்ளி. அப்பா 3,000 வாங்கியபோது அவருடைய சாதாரணக் கணக்கில் மாதம் 570 வெள்ளி சேர்ந்தது, தவணை அதிலிருந்தே போனது. வீட்டுக் கடன் என்ற நினைப்பே யாருக்கும் இல்லை. மே முதல் ஜூலை வரை கணக்கில் புதிதாக ஒன்றும் சேரவில்லை, இருப்பைத் தின்றுதான் தவணை கட்டினார்கள். ஜூலையோடு இருப்பு தீர்ந்தது. இப்போது 1,400-க்குச் சேர்வது 266. மீதி 254 வெள்ளியை ஒவ்வொரு மாதமும் ரொக்கமாகக் கட்டுகிறார்கள்.

கைக்கு வருவது அப்பாவுக்கு 1,120, அம்மாவுக்கு 720, மொத்தம் 1,840. அதில் 254 போனால் 1,586. ஐந்து பேரின் சாப்பாடு, மின்சாரம், தண்ணீர், போக்குவரத்து, பாட்டியின் மருந்து எல்லாம் அதற்குள்தான். தலைக்கு 317 வெள்ளி.

இந்தக் கணக்கைச் சமையலறை மேசையில் நாங்கள் போட்டபோது அம்மாவும் கூட இருந்தார். “அந்த 254-ஐயா எழுதணும்? அது வீட்டு விஷயம் ஆச்சே” என்றார். தயக்கம் புரிகிறது. ஆனால் முழுக் கடிதத்திலும் அதைவிட உறுதியான வரி இல்லை. அறிக்கையில் தேதியோடு இருக்கிறது, ஆறு மாதத்துக்கு முன் அந்தச் செலவு இல்லை, அது எதனால் வந்தது என்பதும் தெளிவு.

கல்விக் கட்டணத்தையும் இதே கவனத்தோடு எழுத வேண்டும். “கட்டணத்தை அப்பாவின் மசேநியிலிருந்து கட்டுகிறோம்” என்று மட்டும் எழுதினால் பிரச்சினை தீர்ந்துவிட்டது போலத் தோன்றும். மசேநியிலிருந்து கட்டணம் கட்டும் திட்டம் என்பது கடன். படிப்பு முடிந்தபின் மாணவர் அதை வட்டியோடு பெற்றோரின் கணக்கில் திருப்பிக் கட்ட வேண்டும். இவருடைய முதலாண்டுக் கட்டணம் அந்த வழியில் போனது. இரண்டாம் ஆண்டுக்கு அந்தக் கணக்கில் பணம் இல்லை. இதை எழுத இரண்டு வாக்கியம் போதும். உயர்நிலைக்குப் பிந்தைய கல்விக் கணக்கில் மிச்சம் ஏதாவது இருந்தால், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சின்னத் தொகையானாலும் நீங்களே சொன்னதாக இருக்கட்டும்.

மருத்துவமனை ரசீது பற்றியும் சொல்ல வேண்டும். ரசீதின் தலைப்பில் இருந்த பெரிய தொகையை அவர் அப்படியே கடிதத்தில் எழுதியிருந்தார். கீழே பார்த்தால் அரசாங்க மானியம், மெடிஷீல்டு லைஃப், மெடிசேவ் எல்லாம் கழிந்து, குடும்பம் ரொக்கமாகக் கட்டியது 640 வெள்ளி. எழுத வேண்டியது அந்தக் கடைசி வரி மட்டுமே. பெரிய எண் மனதைத் தொடும் என்று தோன்றும். ஆனால் ரசீதைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது ஒரே பார்வையில் உடையும், அப்புறம் 254-ஐயும் அவர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

இறங்கிய ஜிபிஏ-வை நீங்களே முதலில் சொல்லுங்கள்

மூன்று பருவங்களில் அவருடைய ஜிபிஏ, நான்குக்கு: 3.42, 3.35, 2.71. ஒட்டுமொத்தம் 3.16. முதல் வரைவில் 3.16 மட்டும் இருந்தது. மதிப்பெண் பட்டியல் இணைப்பில் இருப்பதால் 2.71-ஐ எப்படியும் பார்க்கத்தான் போகிறார்கள். அவர்களாகக் கண்டுபிடித்தால் அது மறைத்தது. நீங்கள் சொன்னால் அது விவரம்.

எப்படிச் சொல்வது என்பதில்தான் சிரமம். “குடும்பப் பிரச்சினையால் கவனம் சிதறியது” என்பது காரணம் மாதிரி இருக்கிறதே தவிர எதையும் விளக்கவில்லை. நான் அவரிடம் கேட்டது: அந்தப் பருவத்தில் திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு வாரம் எப்படிப் போனது? அப்போதுதான் வெளியே வந்தது. மே முதல் ஜூலை வரை வார நாள் மாலை ஆறு முதல் பத்து வரை ஒரு பேரங்காடியில் வேலை. சனிக்கிழமை எட்டு மணி நேரம். மொத்தம் வாரத்துக்கு 28 மணி நேரம். ஆய்வக அறிக்கைகளை இரவு பதினொன்றுக்கு மேல் எழுதியிருக்கிறார், மூன்றை நேரத்துக்குக் கொடுக்கவில்லை. மின்சுற்றுப் பாடத்தில் டி வாங்கியது அதனால்தான். கணிதத்தில் அதே பருவத்தில் பி, ஏனென்றால் அதில் ஆய்வக அறிக்கை கிடையாது.

அந்தக் கடைசி விவரம் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது. எல்லாப் பாடமும் சமமாக விழவில்லை, நேரம் தின்ற பாடம்தான் விழுந்தது. காரணம் உண்மையானது என்பதற்கு மதிப்பெண் பட்டியலே சாட்சி. உங்கள் பட்டியலையும் இப்படிப் பாடம் பாடமாகப் பாருங்கள். எந்தப் பாடம், எந்த வாரம், எந்தப் பணி என்று தேடினால் பெரும்பாலும் ஒரு கோடு தென்படும். தென்படவில்லை என்றால், அதாவது சிரமத்துக்கு முன்பே மதிப்பெண் குறைவாக இருந்தது என்றால், அதை அந்தச் சிரமத்தின் தலையில் கட்டாதீர்கள். “முதலாண்டிலும் இந்தப் பாடத்தில் எனக்கு சி-தான், இப்போது வாரம் ஒருமுறை விரிவுரையாளரிடம் போய்க் கேட்கிறேன்” என்று எழுதலாம்.

இப்படி முடிந்தது அந்தப் பத்தி:

“இரண்டாம் ஆண்டின் முதல் பருவத்தில் என் ஜிபிஏ 2.71 ஆகக் குறைந்தது. மே முதல் ஜூலை வரை நான் வாரத்துக்கு 28 மணி நேரம் வேலை செய்தேன். மின்சுற்றுப் பாடத்தில் மூன்று ஆய்வக அறிக்கைகளைத் தாமதமாகக் கொடுத்ததால் டி பெற்றேன். அத்தனை மணி நேரத்தை ஏற்றது என் முடிவு, அதன் விளைவை நான் சரியாகக் கணிக்கவில்லை. தந்தை மீண்டும் வேலைக்குச் சென்றபின், ஆகஸ்டிலிருந்து வார இறுதியில் பத்து மணி நேரமாகக் குறைத்துக்கொண்டேன். இந்தப் பருவத்தின் ஆய்வக அறிக்கைகள் இரண்டையும் உரிய நாளில் கொடுத்திருக்கிறேன்.”

“அடுத்த பருவத்தில் 3.8 எடுப்பேன்” என்ற வரியை நீக்கச் சொன்னேன். வாக்குறுதியைச் சரிபார்க்க வழியில்லை. நேரத்துக்குக் கொடுத்த இரண்டு அறிக்கைகளைச் சரிபார்க்கலாம்.

இந்தப் பத்தியை எழுதி முடித்ததும் உங்களைப் பற்றிப் பரிந்துரை எழுதப்போகும் விரிவுரையாளரிடம் காட்டிவிடுங்கள். அவர் தன் கடிதத்தில், “திறமையான மாணவி, சமீபத்தில் ஆர்வம் குறைந்துவிட்டது” என்று நல்லெண்ணத்தில் எழுதிவிடக்கூடும். காரணம் தெரிந்தால் அப்படி எழுத மாட்டார்.

பணம் கிடைத்தால் எது மாறும்

இங்கே நீளம் வேண்டாம். அவருக்கு மணிக்குப் பத்து வெள்ளி கிடைக்கிறது, வாரத்துக்கு நூறு. அவர் விண்ணப்பித்த உதவிநிதி 1,500 வெள்ளி. அதாவது பதினைந்து வாரத்து வேலை, கிட்டத்தட்ட ஒரு பருவம். “இந்த உதவி கிடைத்தால் அடுத்த பருவம் முழுவதும் வேலைக்குப் போகாமல், மின்சுற்றுப் பாடத்தை அடிப்படையாகக் கொண்ட அடுத்த நிலைப் பாடத்தைப் படிப்பேன்” என்று எழுதினார். வேறு உதவிநிதிகளுக்கு விண்ணப்பித்திருந்தால், அவற்றின் பெயர், தொகை, முடிவு வந்ததா இல்லையா என்பதை இந்தப் பத்தியின் கீழேயே சொல்லுங்கள். சிலவற்றைச் சேர்த்து வாங்க முடியாது. சிண்டாவிலும் கல்லூரியிலும் ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பது தப்பில்லை, கேட்ட இடத்தில் சொல்லாமல் விடுவதுதான் தப்பு.

அனுப்புவதற்கு முன்

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் முதலில் வெட்ட வேண்டியது சின்ன வயதுக் கனவு பற்றிய பத்தி, கணக்கை வெட்டாதீர்கள். அப்புறம் பென்சிலை எடுத்துக் கடிதத்தில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில், அது எந்த ஆவணத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று குறியுங்கள். குறிக்க முடியாத எண் இருந்தால், ஆவணம் தேடுங்கள், இல்லையென்றால் அந்த எண்ணை எடுத்துவிடுங்கள். இந்த மாணவிக்குக் குறிக்க முடியாமல் போனது வேலை மணி நேரம். பேரங்காடியின் சம்பளச் சீட்டில் அது மாதவாரியாக இருந்ததை அப்போதுதான் கவனித்தார்.

அடுத்து, கடிதத்தை அப்பா அம்மாவுக்குத் தமிழில் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அவர்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், அனுப்பும் முன் அவர்களுக்குத் தெரிய வேண்டும். தப்பும் அங்கேதான் பிடிபடும். இந்த வீட்டில் அப்பா, “நான் ஆகஸ்ட் 11-லதான் சேர்ந்தேன், முதல் மாசம் முழுச் சம்பளம் இல்லையே” என்றார். சீட்டைப் பார்த்தோம், ஆகஸ்டுக்கு 945 வெள்ளி. சராசரி 577-லிருந்து 569 ஆனது. படிவத்தையும் கடிதத்தையும் இரண்டையும் திருத்தினோம்.

அனுப்பிய பிறகு நிலைமை மாறினால், அது நல்ல மாற்றமாக இருந்தாலும், உதவிநிதி அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். நேர்காணலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவருடைய அப்பாவின் சம்பளம் 1,600 ஆனது. மறுநாளே எழுதினார்: புதிய தொகை, எந்தத் தேதியிலிருந்து, அதன்படி தலைக்கு 500. நேர்காணலுக்குப் போகும்போது அந்த மின்னஞ்சலின் நகலையும் பென்சில் குறிகள் போட்ட கடிதத்தையும் ஒரே கோப்பில் வைத்து எடுத்துக்கொண்டு போனார்.